பழைய காபரேட்டர் காருக்கு எத்தனோல் பெற்றோல் அடிக்கலாமோ? திரும்பத் திரும்பக் கேக்கிற கேள்விகள்

வெள்ளவத்தையில எங்கட ஒழுங்கைக்குள்ள என்ர பழைய கொரோலா டிஎக்ஸ் வேகன் நிக்குது, 4கே எஞ்சின், காபரேட்டர் வண்டி. நான் கராஜ் பாஸ் இல்ல, ஆனா இருபது வருஷமா இதைக் கழட்டிப் பூட்டினதில கை பழகிட்டுது. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினதில இருந்து பழைய காரை விக்காம வச்சிருக்கிற ஆக்கள் கனக்க, இப்ப இந்தியாவில ஈ20, லண்டன்ல ஈ10 எண்டு எத்தனோல் கலந்த பெற்றோல்தான் அடிக்கினம் எண்டு சொந்தக்காரர் சொல்லக் கேட்டிட்டு எல்லாரும் ஒரே சந்தேகத்தோட வாறினம். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லிச் சொல்லிக் களைச்சுப்போய் எழுதினதுதான் இது.

அண்ணை, சுத்தி வளைக்காம சொல்லுங்கோ, பழைய காருக்கு அது கூடாதோ?

ரப்பர் எல்லாத்தையும் மாத்தி, கிழமைக்கு ஒருக்காவாவது ஓடுற வண்டியெண்டா ஈ10 அடிக்கலாம், பெரிசா ஒண்டும் ஆகாது. முப்பது வருஷமா கை வைக்காத டியூபோட நிக்கிற வண்டிக்கு ஈ20 அடிக்கிறது எண்டா வேண்டாம், அது நெருப்போட விளையாட்டு, நான் பகிடிக்குச் சொல்லேல்ல, ஒழுகிற பெற்றோல் விழுற இடம் சுடச்சுட இருக்கிற எக்ஸோஸ்ட்.

ஆக்கள் எல்லாரும் காபரேட்டரை நினைச்சுத்தான் பயப்பிடினம். உண்மையில முதல் போறது ரப்பர், அடுத்தது டியூனிங், காபரேட்டர் உலோகத்துக்கு வாற கேடு கடைசி, அதுவும் வண்டி நிண்டாத்தான். இந்த வரிசையை மனசில வச்சிருந்தா கீழ இருக்கிறது எல்லாம் லேசா விளங்கும்.

ஈ5, ஈ10, ஈ20 எண்டுறது என்ன, ஒக்டேன் 92, 95 மாதிரியோ?

இல்ல, அது வேற இது வேற. ஈ10 எண்டா நூறு லீற்றரில பத்து லீற்றர் எத்தனோல், ஈ20 எண்டா இருபது. ஒக்டேன் எண்டுறது எஞ்சின் தட்டாம இருக்கிற குணம். எத்தனோலுக்கு ஒக்டேன் கூட, அதால எத்தனோல் போட்டா எஞ்சின் தட்டும் எண்டு சொல்லுறது பிழை, அந்த ஒரு விஷயத்தில அது நல்லதுதான். ஆனா ஒரு லீற்றர் எத்தனோலில இருக்கிற சக்தி பெற்றோலை விட மூண்டில ஒரு பங்கு குறைவு. ஈ10ல 3 சதவீதம் போல, ஈ20ல 6, 7 சதவீதம் போல கூட எரியும், ஆரு என்ன சொன்னாலும் இந்தக் கணக்கில இருந்து தப்பேலாது.

இஞ்ச கொழும்பில ஷெட்டில அடிக்கிறதில எத்தனோல் கலந்திருக்கோ இல்லையோ எண்டு நான் எப்பிடி அறியிறது?

ஆரையும் கேக்கத் தேவையில்ல, ஒரு கண்ணாடி அளவுச் சாடி இருந்தாக் காணும். 100 மில்லி கோடு போட்ட ஒடுக்கமான சாடி, பள்ளிக்கூட லாப் சாமான் விக்கிற கடையில எடுக்கலாம். முதல்ல 10 மில்லி தண்ணி விடுங்கோ, கோடு சரியா 10ல நிக்கோணும். அதுக்கு மேல பெற்றோலை 100 வரைக்கும் விடுங்கோ, அதாவது 90 மில்லி. வாயை மூடி நல்லாக் குலுக்கி, மூடியைத் திறந்து ஆவியை விட்டிட்டு, ஒரு பத்து நிமிஷம் அப்பிடியே வையுங்கோ. பெற்றோலுக்குள்ள இருக்கிற எத்தனோல் தண்ணியைக் கண்டா அங்கால ஓடிடும். அதால கீழ இருக்கிற தண்ணி உயரும். கோடு 10லயே நிண்டா எத்தனோல் இல்ல. 19க்கு வந்திட்டுது எண்டா 9 மில்லி எத்தனோல், 90ல 9 எண்டா பத்து சதவீதம், ஈ10.

கொஞ்சம் குறைச்சுத்தான் காட்டும், அரை சதவீதம் ஒரு சதவீதம் எண்டு சண்டை பிடிக்க இது ஆகாது, இருக்கு இல்ல எண்டு சொல்லக் காணும். வெளியில வச்சுச் செய்யுங்கோ, குசினியில இல்ல, பக்கத்தில சிகரெட் இல்ல. நான் வழமையா அடிக்கிற ஷெட்டில எடுத்ததைப் பார்த்தன், கோடு அசையேல்ல. அது அண்டைக்கு அந்த ஷெட்டிண்ட கதை மட்டும், உங்கடயை நீங்கதான் பார்க்கோணும், செலவு எண்டு ஒண்டும் இல்லையே.

ரப்பருக்கு அது என்னதான் செய்யுது? முப்பது வருஷமா பெற்றோல்ல ஊறின டியூப் தானே, இன்னும் கொஞ்சம் ஊறினா என்ன?

அது நல்ல கேள்வி. பழைய டியூபுகள் நைட்ரைல் எண்டுற ரப்பர், அதுவும் அந்தக் காலத்து சாதாரண நைட்ரைல். அதை வளையக்கூடியதா வச்சிருக்கிறது அதுக்குள்ள கலந்திருக்கிற ஒரு எண்ணெய் மாதிரியான சாமான். எத்தனோல் கலந்த பெற்றோல் ரெண்டு வேலை செய்யும், ரப்பருக்குள்ள போய் அதை ஊதப்பண்ணும், பிறகு அந்த எண்ணெயை மெல்ல மெல்லக் கழுவி எடுத்திடும். ஊதி இருக்கும்போது டியூப் மெத்தெண்டு இருக்கும், பிரச்சினை ஒண்டும் தெரியாது, கிளிப்பும் இறுக்கமா இருக்கிற மாதிரித்தான். வண்டி நிண்டு டியூப் காய்ஞ்சாத்தான் விளங்கும், முந்தின அளவை விடச் சுருங்கி, கல்லு மாதிரி இறுகி, வளைச்சா வெடிக்கும்.

திருச்சியில மச்சான் வீட்டுக்குக் கல்யாணத்துக்குப் போன நேரம் இதைச் செய்து பார்த்தன், அங்க ஈ20 ஷெட்டிலயே கிடைக்கிறதால. என்ர வேகன்ல இருந்து கழட்டின பழைய டியூப் துண்டு ஒண்டு, விரல் நீளம், வேர்னியரால அளந்தா வெளி விட்டம் 12.5 மில்லிமீற்றர். ஜாம் போத்திலுக்குள்ள ஈ20 விட்டு, மூடி, ஏழு நாள் மொட்டை மாடி மூலையில நிழலுக்க வச்சன். எடுக்கேக்க 13.6. பெற்றோல் தேத்தண்ணி நிறத்துக்கு மாறி இருந்தது, டியூபைப் பிடிச்ச விரல் கறுப்பு. பேந்து ஒரு கிழமை காய விட்டன். அளவு 12.1, ரெண்டு விரலால வளைச்ச உடனே உள்பக்கம் ரேகை ரேகையா வெடிப்பு. மச்சான்ர அம்மா அந்தப் போத்திலை ஊறுகாய்க்கு எடுக்காம பார்த்தது பெரிய காரியம்.

அப்ப என்ன டியூப் வாங்கிறது? பஞ்சிகாவத்தையில கேட்டா எல்லாம் ஒரிஜினல் எண்டுறாங்கள்.

டியூபிண்ட முதுகில அடிச்சிருக்கிற எழுத்தைப் பாருங்கோ, கடைக்காரர் சொல்லுறதை விட்டிடுங்கோ. அமெரிக்க தரம் ஒண்டு இருக்கு, ஜே30 எண்டு தொடங்கும். அதுக்குப் பின்னால ஆர்6, ஆர்7 எண்டு இருந்தா சாதாரண காபரேட்டர் டியூப், ஆர்9 எண்டு இருந்தா உள்பக்கம் ஃப்ளோரோ ரப்பர் பூசினது, எங்கட ஆக்கள் விட்டன் எண்டு சொல்லுறது அதைத்தான். எத்தனோலுக்கு எடுக்க வேண்டியது ஆர்9. விலை கூடத்தான், ஆனா ஒரு சின்னக் காருக்கு எல்லாமா ஒண்டரை ரெண்டு மீற்றருக்கு மேல போகாது. அதில மிச்சம் பிடிக்கிறதில அர்த்தம் இல்ல.

எழுத்தே இல்லாத டியூபை எவ்வளவு பளபளப்பா இருந்தாலும் எடுக்காதேங்கோ. வெளியில துணி பின்னின பழைய மொடல் டியூபையும் விடுங்கோ, உள்ளுக்க வெடிச்சாலும் பின்னல் மறைச்சிடும். வெட்டின பழைய துண்டு ஒண்டைக் கையில கொண்டுபோய் உள் விட்டத்தை ஒப்பிட்டுப் பார்த்து எடுங்கோ, ஒரு மில்லிமீற்றர் பெரிசை எடுத்துக் கிளிப்பால இறுக்கினா அந்த மடிப்பில தான் முதல் கசியும். இறுக்கிற கிளிப்பும் அப்பிடித்தான், பட்டியில பல்லு வெட்டின கிளிப் டியூபைக் கீறும், விளிம்பு மடிச்சதாப் பார்த்து எடுங்கோ.

பொனெட்டுக்குக் கீழ டியூப் எல்லாம் மாத்திட்டன். காணும் தானே?

காணாது. மறக்கிற இடம் பின்னால, டேங்கில இருந்து இரும்புப் பைப்புக்கு வாற குட்டித் துண்டு, நாலு விரல் நீளம். வண்டியை உயர்த்தாம தெரியாது, அதால ஆரும் தொடுறதில்ல, தொழிற்சாலையில பூட்டினதே இன்னும் இருக்கும். மிஞ்சின பெற்றோல் டேங்குக்குத் திரும்பப் போற லைன் உள்ள வண்டியில அதுவும் ரெண்டு.

பிறகு பெற்றோல் பம்ப். எங்கட பழைய எஞ்சின்களில கேம்ல தட்டி அடிக்கிற மெக்கானிக்கல் பம்ப், அதுக்குள்ள துணி போட்ட ரப்பர் டயஃப்ரம் ஒண்டு மேலயும் கீழயும் போய்வரும். அது வெடிச்சா ரெண்டு விதமாத் தெரியும், ஒண்டு பம்பிண்ட அடியில இருக்கிற சின்ன ஓட்டையால சொட்டும், மற்றது பெற்றோல் எஞ்சின் ஒயிலுக்குள்ள இறங்கும். ரெண்டாவதுதான் மோசம், வெளியில ஒண்டும் தெரியாது. டிப்ஸ்டிக்கை எடுத்து மணந்து பாருங்கோ, பெற்றோல் மணம் வந்தா, ஒயில் மட்டமும் தானாக் கூடியிருந்தா, வண்டியை எடுக்காதேங்கோ.

காபரேட்டருக்குள்ள எக்சிலரேட்டர் பம்பிண்ட ரப்பர் கிண்ணம், நீடில் வால்வ் நுனியில ரப்பர் இருந்தா அது, ஓ-ரிங்குகள். புதுக் கிட் வாங்கேக்க எத்தனோலுக்குப் பொருந்துமோ எண்டு கேட்டு வாங்குங்கோ, பத்து வருஷமா கடை ராக்கையில கிடந்த கிட் வேண்டாம். டேங்க் கேஜ் பூட்டுற இடத்துப் பெக்கிங் கோர்க் எண்டா அதையும் மாத்திடுங்கோ. ஃப்ளோட் பித்தளையெண்டா காதுக்குப் பக்கத்தில பிடிச்சுக் குலுக்குங்கோ, உள்ளுக்க தண்ணி சத்தம் மாதிரி கேட்டா ஈயம் பத்தவச்ச இடம் விட்டிட்டுது.

காபரேட்டர் உடம்பை எத்தனோல் அரிச்சுத் தின்னும் எண்டுறாங்கள், உண்மையோ?

பாதி உண்மை. காபரேட்டர் உடம்பு கூடுதலா துத்தநாகக் கலவை இல்லாட்டி அலுமினியம், பெற்றோல் பாயிற துளை போட்ட ஜெட்டுகள் பித்தளை. புதுசா அடிச்ச ஈ10 ஒவ்வொரு நாளும் ஓடுற வண்டிக்குள்ள போய்வாறதால அந்த உலோகத்துக்கு ஆகுற சேதம் மிகக் குறைவு. அரிக்கிறது எத்தனோலும் தண்ணியும் சேர்ந்து, கொஞ்சம் புளிச்சு, ஒரே இடத்தில கிடக்கேக்கதான். அந்த இடம் ஃப்ளோட் சேம்பர். அதுக்குள்ள நிக்கிறது கொஞ்சப் பெற்றோல்தான், ஆனா மேல காத்துப் போக ஓட்டை இருக்கு. எங்கட கடல் காத்துக்கு வேற சொல்லத் தேவையில்ல.

மூடியைக் கழட்டினா அடியில வெள்ளையா, திருநீறு மாதிரி தூள் படிஞ்சிருக்கும். அது துத்தநாகம் அரிச்சு வந்தது. நகத்தால சுரண்டினா வந்து, கீழ உலோகம் வழுவழுப்பா இருந்தா கழுவிப் பூட்டலாம். கீழ குழி விழுந்திருந்தா, அதுவும் ஜெட் இருக்கிற இடத்தைச் சுத்தி எண்டா, அந்த உடம்பு முடிஞ்சுது. பச்சையா இருந்தா பித்தளை.

கொழும்பு புழுக்கத்துக்கு எத்தனோல் காத்தில இருந்து தண்ணியை உறிஞ்சி டேங்க் முழுக்கத் தண்ணியாகிடுமாமே?

அவ்வளவு லேசில நடக்காது. சாதாரண பெற்றோலுக்குள்ள ஒரு கரண்டி தண்ணி விழுந்தாலும் அது நேரா அடிக்குப் போய் நிக்கும். ஈ10 எண்டா எத்தனோல் அந்தத் தண்ணியைப் பிடிச்சுக் கலந்து எஞ்சினுக்குக் கொண்டு போய் எரிச்சிடும், சொல்லப்போனா அது நன்மை. அளவு இருக்கு, கிட்டத்தட்ட அரை சதவீதம், 40 லீற்றர் டேங்குக்கு 200 மில்லி, ஒரு டம்ளர். அதுக்கு மேல போனா ஒரேயடியாப் பிரியும். தண்ணி மட்டும் பிரியிறேல்ல, எத்தனோலையும் இழுத்துக்கொண்டு கீழ இறங்கும், அதால அடியில நிக்கிறது நீங்க நினைக்கிறதை விடப் பல மடங்கு. பம்ப் உறிஞ்சிறதும் அடியில இருந்துதான், வண்டி அந்த இடத்திலயே நிக்கும். மேல மிஞ்சிற பெற்றோலுக்கு ஒக்டேனும் குறைஞ்சிருக்கும்.

மூடின டேங்கில காத்தில இருந்து ஒரு டம்ளர் தண்ணி சேர கன காலம் எடுக்கும். உண்மையில தண்ணி வாறது டேங்க் மூடி ரப்பர் தேய்ஞ்சு மழைக்கு ஒழுகிறதாலயும், சேர்விஸ் ஸ்டேஷன்ல பிரஷர் வொஷ் அடிக்கேக்க நிரப்புற வாயைப் பார்த்து அடிக்கிறதாலயும்தான். அந்த மூடி ரப்பரைத்தான் முதல் மாத்துங்கோ.

நான் ஊருக்குப் போனா வண்டி ரெண்டு மாசம் நிக்கும். அப்ப என்ன செய்யிறது?

எத்தனோல் இல்லாத பெற்றோல் கிடைச்சா, மேல சொன்ன சாடியில பார்த்து, போக முதல் அதை நிரப்பி, கொஞ்சத் தூரம் ஓடி, காபரேட்டருக்குள்ள அது போய்ச் சேந்த பிறகு நிப்பாட்டுங்கோ. டேங்க் நிரம்பி இருந்தா உள்ளுக்க காத்துக் குறைவு, தண்ணி சேராது. ஃப்ளோட் சேம்பருக்கு வடிகால் ஸ்க்ரூ இருந்தா அதை வடிச்சு விடுறது நல்லது. இல்லாட்டி ஆரையாவது கிழமைக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி எஞ்சின் சூடாகும் மட்டும் ஓட விடச் சொல்லுங்கோ. ரெண்டு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி நிப்பாட்டிறதுக்கு ஸ்டார்ட் பண்ணாமலே விடலாம்.

ஈ10 அடிச்ச பிறகு மிதிச்சா இழுக்குதில்ல, காபரேட்டருக்குள்ள டப்பெண்டு அடிக்குது. பழுதாகிட்டுதோ?

பழுதில்ல, அது பட்டினி. பெற்றோல் எரிய எவ்வளவு காத்து வேணுமோ அதை விட எத்தனோலுக்குக் குறைஞ்ச காத்துக் காணும். உங்கட ஜெட் பெற்றோலுக்கெண்டு துளைச்சது, அதே துளையால ஈ10 போனா கலவை 4 சதவீதம் போல மெலியும், ஈ20 எண்டா 8 போல. புதுக் கார் ஒக்சிஜன் சென்சரால பார்த்துத் தானே கூட்டிக்கொள்ளும், காபரேட்டருக்குக் கண் இல்லையே. மிதிக்கேக்க தயக்கம், திரும்பிக் காபரேட்டருக்குள்ள வெடிக்கிறது, பிளக் கழட்டினா பால் வெள்ளை, இதெல்லாம் ஒரே காரணம்.

ஈ10க்குக் கனபேருக்கு ஐடில் கலவை ஸ்க்ரூவைக் கால் சுத்துத் திறந்தாலே சரிவரும், ஏனெண்டா பழைய கார்கள் முதலே கொஞ்சம் கூட எரிக்கிற மாதிரித்தான் கிடக்கும். ஓட்டத்திலயும் மெலிவு தெரிஞ்சா மெயின் ஜெட். கணக்கு லேசு: பாயிற அளவு துளையிண்ட பரப்புக்கு ஏத்தது, பரப்பு விட்டத்திண்ட வர்க்கம், அதால 4 சதவீதம் கூட்ட விட்டத்தை 2 சதவீதம் கூட்டினாக் காணும். 100 நம்பர் ஜெட் எண்டா 102, ஈ20க்கு 104. கடையில கிடைக்கிறதில கிட்டினதைப் போடுங்கோ. துளையைக் கம்பியால கடையிறதை மட்டும் செய்யாதேங்கோ, எங்கட கராஜ்களில சர்வ சாதாரணமாச் செய்யிறாங்கள், ஒருக்காக் கடைஞ்சா எவ்வளவு கடைஞ்சது எண்டு கடவுளுக்கும் தெரியாது.

மத்தியானம் காலி வீதி ட்ராஃபிக்ல நிண்டு போகுது, அரை மணித்தியாலத்தால தானா ஸ்டார்ட் ஆகுது. இதுவும் எத்தனோல் தானோ?

இருக்கலாம். பத்து சதவீதம் அளவில எத்தனோல் கலந்தா பெற்றோல் இன்னும் லேசா ஆவியாகும். எஞ்சினுக்கு மேல போற பைப்புக்குள்ளயும் ஃப்ளோட் சேம்பருக்குள்ளயும் அது கொதிச்சு ஆவியாக, பம்ப் ஆவியை அடிச்சுக்கொண்டு நிக்கும். எஞ்சின் ஆறினா சரி. முன்னம் எல்லைக்குள்ள நிண்ட வண்டி எத்தனோலோட எல்லையைத் தாண்டும்.

பைப்பை எக்ஸோஸ்ட் மனிஃபோல்டுக்குத் தூரமாத் திருப்பிக் கட்டுங்கோ, காபரேட்டருக்குக் கீழ இருக்கிற தடிச்ச பேக்கலைட் துண்டு இருக்கோ எண்டு பாருங்கோ, ஆரோ ஒரு பாஸ் கழட்டி எறிஞ்சிருப்பார். திரும்பிற லைனை அடைச்சு வச்சிருந்தா திறந்து விடுங்கோ, பெற்றோல் சுத்திக்கொண்டே இருந்தாத்தான் சூடாகாது. ஈரத் துணியைப் பம்பில போட்டு உடனே ஸ்டார்ட் ஆனா காரணம் இதுதான் எண்டு உறுதி.

கதை காணும், நீங்க நேர பார்த்த ஒரு கார் சொல்லுங்கோ.

மச்சான்ர மாருதி 800, காபரேட்டர் மொடல், வயசு கால் நூற்றாண்டுக்கு மேல. அங்க ஈ20 வந்த பிறகு அதையே அடிச்சுக்கொண்டு ஓடியிருக்கிறார், முதல் ரெண்டு மாசம் ஒண்டும் தெரியேல்ல. பிறகு மிதிக்கத் தயங்கத் தொடங்கி, ஒரு நாள் இடையில நிண்டிட்டுது. மெக்கானிக் ஃபில்டரை மாத்தினார், ஓடினது, ரெண்டு டேங்க் முடிய திரும்ப நிண்டது. ஃபில்டர் ரெண்டையும் அவர் எறியாம வச்சிருந்தார், வெட்டிப் பார்த்தன், உள்ளுக்க கபிலத் தூள். எத்தனோல் நல்ல கழுவி, இருபத்தஞ்சு வருஷமா டேங்க் சுவரில படிஞ்சிருந்த பசையை எல்லாம் கரைச்சுக்கொண்டு வந்திருக்கு. இது முதல் ரெண்டு மூண்டு டேங்குக்கு எல்லாப் பழைய காருக்கும் வாறதுதான், ஃபில்டர் ரெண்டு கையில வச்சிருந்தா ரோட்டில நிக்கத் தேவையில்ல.

ஆனா எனக்குப் பயம் வந்தது வேற இடத்தில. பின் சீற்றில இருந்தா பெற்றோல் மணம். வண்டியை உயர்த்திப் பார்த்தா மேல சொன்ன அந்தக் குட்டித் துண்டு ஈரம், நசுக்கினா வெய்யிலில கிடந்த டொபி மாதிரி அமுங்கித் திரும்பி வரேல்ல. முன்னால டிப்ஸ்டிக்கை மணந்தா அதிலயும் பெற்றோல். பம்ப் டயஃப்ரம் போயிட்டுது.

ஒரு சனி ஞாயிறு எடுத்துச் செய்தம். டியூப் அஞ்சு துண்டும் ஆர்9, புது பம்ப், ஒயிலும் ஒயில் ஃபில்டரும் (பெற்றோல் கலந்த ஒயிலில ஓடினா பேரிங் போகும்), காபரேட்டர் கிட், அடியில இருந்த வெள்ளைத் தூளைக் கழுவி எடுத்தம், நல்ல காலம் குழி இல்ல. மெயின் ஜெட் ஒரு சைஸ் கூட, ஐடில் ஸ்க்ரூ கொஞ்சம் திறந்தது. முன்னம் வெள்ளையா இருந்த பிளக் இருநூறு கிலோமீற்றருக்குப் பிறகு பிஸ்கட் நிறம். லீற்றருக்கு 17 ஓடினது இப்ப 16க்குக் கிட்ட, அது மேல சொன்ன சக்திக் கணக்குத்தான், ஒரு பாஸாலயும் திருத்தேலாது. வெய்யிலில நிப்பாட்டி இருபது நிமிஷத்தால எடுத்தா இன்னும் நீட்டிச் செல்ஃப் அடிக்க வேணும், அது போகேல்ல.

எத்தனோலுக்கு எதிரா போத்தில்ல விக்கிற மருந்து போட்டா டியூப் மாத்தாம விடலாமோ?

ஏலாது. உருப்படியான போத்தில்கள் உலோகம் அரிக்கிறதைத் தடுக்கிற மருந்து, இங்கிலாந்தில பழைய கார்ச் சங்கங்களிண்ட கூட்டமைப்பு அப்பிடியானதுகளைச் சோதிச்சுப் பார்த்திருக்கு, நிக்கிற வண்டிக்கு அது உதவும். ஊதின ரப்பரையோ மெலிஞ்ச கலவையையோ எந்தப் போத்திலும் திருத்தாது. பிரிஞ்ச தண்ணியைத் திரும்பக் கலந்திடும் எண்டு சொல்லுற போத்திலை நம்பாதேங்கோ, பிரிஞ்சா டேங்கை வடிக்கிறதுதான் வழி.

ஜப்பான் கார் தானே, அவங்கள் எல்லாத்தையும் யோசிச்சுத்தான் செய்திருப்பாங்கள்?

அவங்கள் யோசிச்சதைத்தான் சொல்லுறன். ஜப்பான்ல அல்ககோல் மிகக் கூடக் கலந்த எரிபொருள் ஒரு காலம் வித்து, அலுமினியப் பாகங்கள் அரிச்சு ஒழுகித் தீப்பிடிச்ச சம்பவங்கள் நடந்தது, அதுக்குப் பிறகு 2003ல எத்தனோல் 3 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது எண்டு சட்டம் போட்டினம். ஈ10 விக்கலாம் எண்டு 2012ல விட்டதும் அதுக்கெண்டு செய்த வாகனங்களுக்கு மட்டும்தான். எங்கட றோட்டில ஓடுற 80கள், 90கள் ஜப்பான் கார்கள் எல்லாம் அதுக்கு முந்தினது.

லண்டன்லயும் 2021 செப்டெம்பரில ஈ10 வந்தப்ப பழைய கார்க்காரரை ஈ5 சுப்பர் அடிக்கச் சொல்லித்தான் அரசாங்கமே சொன்னது.

என்ரது 95 மொடல், இன்ஜெக்ஷன். எனக்கும் இதெல்லாமோ?

டியூனிங் தலையிடி குறைவு, சென்சர் வேலை செய்தா ஈ10ஐத் தானே சமாளிக்கும். ஆனா டியூபுக்குள்ள அழுத்தம் காபரேட்டர் வண்டியை விடப் பத்து மடங்குக்கு மேல, அங்க சின்ன வெடிப்பு வந்தா சொட்டாது, பீச்சும். இன்ஜெக்ஷன் அழுத்தத்துக்கெண்டு அடிச்ச ஆர்9 போடுங்கோ. டேங்குக்குள்ள பம்போட மூழ்கி நிக்கிற துண்டுக்கு ஆர்9 ஆகாது, அதிண்ட வெளிப்பக்கம் மூழ்கிக் கிடக்கச் செய்ததில்ல, அதுக்கு ஆர்10 எண்டு வேற இருக்கு.

ஈ20 ஒத்துவரேல்ல, திரும்பச் சுத்தப் பெற்றோலுக்கு வந்திட்டன். இனி யோசிக்கத் தேவையில்ல தானே?

இதுதான் கனபேர் மாட்டுப்படுற இடம். ஜாம் போத்தில் கதையை ஒருக்காத் திரும்பப் பாருங்கோ. எத்தனோலில ஊதி இறுகப் பிடிச்சிருந்த ரப்பர், சுத்தப் பெற்றோலுக்கு வந்ததும் சுருங்கத் தொடங்கும். எத்தனோல் அடிச்சுக்கொண்டு இருக்கேக்க ஒழுகாத ஓ-ரிங், பம்ப் பெக்கிங், காபரேட்டர் மூடி எல்லாம் அதை விட்ட பிறகு ஒழுகும், ஆக்கள் புதுப் பெற்றோல்ல பிழை எண்டு நினைப்பினம்.

எத்தனோலில ஓடின காரை வாங்கினாலும், நீங்களே மாத்தி மாத்தி அடிச்சாலும், மாத்தின பிறகு ஒரு மாசம் காலமை ஸ்டார்ட் பண்ண முதல் பொனெட்டைத் திறந்து மணந்து பாருங்கோ. எஞ்சின் ஆறி இருக்கேக்கதான் சரியாத் தெரியும், சூட்டில ஒழுகினது காய்ஞ்சிடும். டிஷ்யூத் துண்டு ஒண்டால ஒவ்வொரு கிளிப்பையும் துடைச்சு எடுங்கோ, ஈரம் பட்டா அண்டைக்கே அந்தத் துண்டை மாத்துங்கோ, கிளிப்பை இன்னும் ரெண்டு சுத்து இறுக்கிட்டு ஒபிஸ் போகாதேங்கோ.